கூட வேலை பார்ப்பவரின் தப்பை மேனேஜரிடம் சொல்வது எப்படி: ஒரு கணக்குப் பிரிவின் கேள்வி பதில்கள்

"இதைப் போய்ச் சொன்னால் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?"

ஆகலாம். எதற்காகச் சொல்கிறீர்கள், எப்போது சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் இருபது வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். முன்பு மேலே போய்ச் சொன்னவன். இப்போது என்னிடம் வந்து சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் நான் நம்புகிற அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் சொல்லி முடித்ததும் மேனேஜருக்குச் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலைக்கு ஒரு கெடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது தகவல். "அப்படியா, அவன் எப்பவுமே அப்படித்தான்" என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் செய்ய இல்லையென்றால், நீங்கள் சொன்னது கோள்.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. அதனால் எங்கள் பிரிவில் அடிக்கடி நடக்கிற மாதிரியான ஒரு தப்பை எடுத்துக்கொண்டு, கடைசி வரை அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

ஒரு சின்ன கம்பெனி, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறது. விற்பனைப் பில்களை எக்செலில் தட்டி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னைத் தயார் செய்வது உங்கள் பக்கத்து சீட்காரர். பெயரை செந்தில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பில்லின் மதிப்பு 4,60,000 ரூபாய். 18 சதவீத வரி 82,800. செந்தில் தட்டும்போது ஒரு சைபர் விட்டுப்போய், 46,000 என்று ஏறிவிட்டது. வரி 8,280 என்று போய்விட்டது. 11-ஆம் தேதி ரிட்டர்ன் ஃபைல் ஆகிவிட்டது. 13-ஆம் தேதி சாயங்காலம், வர வேண்டிய பாக்கியைச் சரிபார்க்கும்போது உங்கள் கண்ணில் படுகிறது. வித்தியாசம் 74,520 ரூபாய் வரி.

இப்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

"சின்னச் சின்னத் தப்பையெல்லாம் மேலே கொண்டுபோகணுமா? எதைச் சொல்லணும், எதை விடணும்?"

தப்பு பெரிதா சின்னதா என்று பார்க்காதீர்கள். அது ஆபீஸ் வாசலைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.

இதே சைபர் 9-ஆம் தேதி உங்கள் கண்ணில் பட்டிருந்தால் மேனேஜருக்கு அதில் வேலையே இல்லை. ரிட்டர்ன் இன்னும் ஃபைல் ஆகவில்லை. "செந்தில், இந்த பில்லைக் கொஞ்சம் பாருங்க" என்றால் போதும், அவர் அரை நிமிடத்தில் திருத்திவிடுவார். அதைப் போய் மேலே சொன்னால் அதுதான் போட்டுக்கொடுப்பது. பத்து லட்சத்துக்கான பில்லாக இருந்தாலும் அப்படித்தான்.

ஃபைல் ஆன பிறகு கதை வேறு. போர்ட்டலில் ஏறியதைச் செந்திலால் தானாக அழிக்க முடியாது. அதோடு, பில் வாங்கிய கம்பெனியும் இதில் வந்துவிடுகிறது. 14-ஆம் தேதி அவர்களுடைய 2பி-யில், அதாவது அவர்கள் எடுக்கக்கூடிய வரிக் கிரெடிட்டைக் காட்டும் போர்ட்டல் பட்டியலில், நம் பில் 8,280 ரூபாய் வரியோடுதான் தெரியும். 82,800 கிரெடிட் எடுக்கக் காத்திருப்பவர் இதைப் பார்த்தால் என்ன செய்வார்? பேமென்ட்டை நிறுத்தி வைப்பார். அந்த பில்லின் மொத்தத் தொகை 5,42,800. ஒரு சின்ன கம்பெனிக்கு அது ஒரு மாதச் சம்பளப் பணமாகக்கூட இருக்கலாம்.

ஆகவே வாசலுக்கு உள்ளே இருக்கிற தப்பு உங்கள் இருவருக்குள் முடியட்டும். வாசலைத் தாண்டியது, ஐம்பது ரூபாய் என்றாலும், மேனேஜருக்குத் தெரிய வேண்டும். வெளியாள் போன் செய்து அவருக்குத் தெரிய வரக் கூடாது.

"முதலில் செந்திலிடம் சொல்வதா, நேராக மேனேஜரிடமா?"

செந்திலிடம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அது தப்புதானா என்று நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஒரு பார்ட்டியின் கணக்கில் பில் தொகைக்கும் வந்த பணத்துக்கும் முப்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். அந்தப் பார்ட்டியின் கணக்கைப் பார்ப்பவர் ஒரு அக்கா. நான் நேராக மேனேஜர் ரூமுக்குப் போய், "சார், முப்பதாயிரம் வராமலே அக்கா கணக்கை முடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சை ஃபைலை எடுத்து வந்து ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். கிரெடிட் நோட். சரக்கில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, அந்த அளவுக்குத் தொகை குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கீழே மேனேஜரின் கையெழுத்தே இருக்கிறது. நான் கிரெடிட் நோட் ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை. அந்த அக்கா அதற்குப் பிறகு நான் அந்த கம்பெனியில் இருந்த வரை என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அவர் செய்தது நியாயம்தான்.

அதனால் நம் உதாரணத்தில், செந்திலிடம் போவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். பில்லின் ஆபீஸ் காப்பியில் என்ன தொகை இருக்கிறது. சரக்கோடு போன இ-வே பில்லில் என்ன தொகை. அந்தப் பார்ட்டிக்குக் கிரெடிட் நோட் ஏதாவது போயிருக்கிறதா. மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். மூன்றும் 4,60,000 பக்கம் நின்றால், போர்ட்டலில் ஏறியதுதான் தப்பு.

அப்புறம் செந்திலிடம் போங்கள். அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நாலு பேர் டீ குடிக்கும் இடத்தில் இதை எடுக்காதீர்கள். "செந்தில், இந்த பில்லைப் பாருங்களேன். காப்பியில நாலு அறுபது இருக்கு, ரிட்டர்ன்ல நாற்பத்தாறாயிரம் ஏறியிருக்கு. நான் பார்க்கிறது சரிதானா?" அந்தக் கடைசிக் கேள்வியை மனதாரக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு காகிதம் அவரிடம் இருக்கலாம்.

இல்லையென்றால், அவரே முகம் மாறி "ஐயோ" என்பார். அந்த நிமிடத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய அடுத்த வரி, "ஃபைல் ஆயிடுச்சு, சாருக்குச் சொல்லாம முடியாது. நீங்களே சொல்றீங்களா?" என்பது. பெரும்பாலும் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். தப்பு செய்தவரே போய்ச் சொன்னால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இன்று என் பிரிவில் யாராவது என்னிடம் வந்து "சார், நான் ஒண்ணு தப்பா போட்டுட்டேன்" என்றால், அந்த ஆளை நான் அடுத்த பெரிய வேலைக்கு நம்புகிறேன்.

"அவர் 'சொல்லாதே, அடுத்த மாசம் நானே சரி பண்ணிக்கிறேன்' என்கிறார். என்ன செய்ய?"

இதுதான் எல்லோரும் சறுக்குகிற இடம். நட்பா, வேலையா என்று மனது இரண்டாகிவிடும். அங்கே நிற்காமல், அவர் சொல்கிற வழி வேலைக்கு ஆகுமா என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் இந்த பில்லைத் திருத்த முடியும், அது உண்மை. ஆனால் வரியைக் கட்டிப் போடும் ரிட்டர்னான 3பி இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். குறைந்த தொகையோடு அது போனால், 74,520 ரூபாய் வரி ஒரு மாதம் தாமதமாகக் கட்டிய கணக்காகிவிடும். தாமதத்துக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. 31 நாளுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,140 ரூபாய் வருகிறது. தொகை பெரிதில்லை. ஆனால் அந்த வட்டியைக் கட்டுவதற்கு ஒரு சலான் போட வேண்டும், சலானுக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். அப்போது "இது எதுக்கு?" என்று அவர் கேட்பார்தானே? ஆக, சத்தமில்லாமல் முடிக்கும் வழி என்று ஒன்று இங்கே கிடையாது. தள்ளிப்போடும் வழிதான் இருக்கிறது.

இந்த மாதமே சரி செய்ய வழி இருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1ஏ என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. ஃபைல் ஆன ஜிஎஸ்டிஆர்-1-இல் தொகை தவறியிருந்தால், அதே மாதத்தின் 3பி ஃபைல் ஆவதற்கு முன்னால் இதில் திருத்திக்கொள்ளலாம். சரியான வரி இந்த மாதமே கட்டப்பட்டுவிடும், வட்டி இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு முறைதான் இதை ஃபைல் செய்யலாம். அதனால் போடுவதற்கு முன் மற்ற பில்களையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த முடிவை மேனேஜரும் ஆடிட்டரும்தான் எடுக்க வேண்டும், செந்தில் தனியாக எடுக்கக் கூடாது.

அதனால் அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "3பி போயிட்டா 1ஏ கதவு மூடிடும் செந்தில். இன்னிக்குத் தேதி 13. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குள்ள நீங்க சார்கிட்ட சொல்லிடுங்க. நானும் கூட வர்றேன். அதுக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்."

இதில் மிரட்டல் எதுவும் இல்லை. கெடு உங்களுடையது அல்ல, போர்ட்டலுடையது. "உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்" என்ற வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். மேலே சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், சில வாரத்தில் அந்தக் கோபம் தணிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் சொன்னதற்காக வந்த கோபம் தணிந்து நான் பார்த்ததில்லை.

பதினோரு மணி ஆகியும் அவர் எழுந்திருக்கவில்லை என்றால், அவர் மேஜைக்குப் போய் "நான் போறேன், வர்றீங்களா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் போங்கள்.

"சரி, மேனேஜர் எதிரில் நிற்கிறேன். வாயைத் திறந்தால் என்ன சொல்வது?"

பில்லைப் பற்றிச் சொல்லுங்கள். ஆளைப் பற்றி அல்ல. இதற்குத் தமிழே நமக்குக் கை கொடுக்கிறது. "செந்தில் ஒரு சைபரை விட்டுட்டார்" என்பதும் "ஒரு சைபர் விட்டுப்போயிருக்கு" என்பதும் ஒரே செய்திதான். முதல் வாக்கியத்தில் செந்தில் நிற்கிறார், இரண்டாவதில் சைபர் நிற்கிறது. உடைத்தார், உடைந்தது, மாற்றினார், மாறியது, தவறவிட்டார், தவறியது. பல வினைகளுக்கு நம்மிடம் இப்படி ஒரு ஜோடி இருக்கிறது. மேலே சொல்லும்போது இரண்டாவதை எடுங்கள்.

நான் சொல்வதாக இருந்தால் இப்படித்தான் சொல்வேன்:

"சார், போன மாச ஜிஎஸ்டிஆர்-1-இல் ஒரு பில் தொகை குறைச்சு ஏறியிருக்கு. நாலு லட்சத்து அறுபதாயிரம், நாற்பத்தாறாயிரமா போயிருக்கு. வரி 74,520 குறையுது. பில் காப்பி, இ-வே பில் ரெண்டும் பார்த்துட்டேன், கிரெடிட் நோட் எதுவும் இல்லை. 3பி இன்னும் போகலை, அதனால 1ஏ-ல திருத்தலாம். ஆடிட்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும். இன்னொண்ணு, பார்ட்டியோட 2பி-ல இன்னிக்குக் குறைஞ்ச தொகைதான் வரும். நாம 1ஏ போட்டாலும் மீதி கிரெடிட் அவங்களுக்கு அடுத்த மாசம்தான் தெரியும். அவங்க கூப்பிடறதுக்கு முன்னாடி நாம கூப்பிட்டுச் சொல்லிட்டா நல்லது."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் என்ன நடந்தது, எவ்வளவு, நான் எதைப் பார்த்தேன், என்ன வழி இருக்கிறது, எப்போதைக்குள், நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று எல்லாம் வந்துவிட்டது. செந்தில் பெயர் வரவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல, இதுவரை அதற்குத் தேவை வரவில்லை.

பார்ட்டியைக் கூப்பிடும் வேலையைக் கவனியுங்கள். அதை நீங்களோ செந்திலோ செய்ய முடியாது. மேனேஜர் தன் பழக்கத்தில் செய்தால்தான் எடுபடும். அவர் 14-ஆம் தேதியே போன் செய்து, "எங்க பக்கம் ஒரு பில் தொகை குறைஞ்சு ஏறிடுச்சு, திருத்தறோம், அடுத்த மாசம் உங்களுக்கு மீதி வந்துடும்" என்று சொல்லிவிட்டால், பேமென்ட் நிற்காமல் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர்களாகக் கண்டுபிடித்தால், அடுத்த நாலு பில்லையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நீங்கள் ஏன் மேலே போனீர்கள் என்று யார் கேட்டாலும் அந்த ஒரு போனே பதில்.

அந்த நேரத்தில் வாயில் வரக்கூடாதவை சில உண்டு. "நான் அப்பவே நினைச்சேன்." "எனக்கு எதுக்கு வம்பு, இருந்தாலும் சொல்றேன்." "நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம் சார்." இந்தக் கடைசி வரி நல்ல தகவலைக்கூடக் கோளாக மாற்றிவிடும். இப்படிச் சொல்லிக்கொண்டு என் ரூமுக்குள் வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "அவர்கிட்ட சொன்னீங்களா?" என்பதுதான்.

"'யார் போட்டது?' என்று கேட்டால்?"

பெயரைச் சொல்லுங்கள். மழுப்பினால், மறைக்கும்படி ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். "செந்தில் போட்ட ஷீட் சார். அவர்கிட்ட பேசிட்டேன், அவருக்குத் தெரியும். 1ஏ-வுக்கு அவர்தான் விவரம் எடுத்துட்டிருக்கார்." இது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். செந்திலிடம் முதலில் பேச வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பேசாமல் வந்திருந்தால் இந்த இடத்தில் உங்களிடம் பெயர் மட்டும்தான் இருக்கும்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? மெயில் போடணுமா?"

குரூப்பில் வேண்டவே வேண்டாம். முதலில் நேரில், முடியாவிட்டால் போனில். பிறகு எழுத்தில் ஒரு பதிவு வேண்டும் என்றால், மேனேஜருக்கும் செந்திலுக்கும் சேர்த்து நாலு வரி மெயில்: பில் நம்பர், இரண்டு தொகை, 1ஏ போடும் தேதி. செந்தில் காப்பியில் இல்லாத மெயிலை அனுப்பாதீர்கள். அவர் படிக்கக்கூடாத ஒரு வரி அதில் இருக்கிறது என்றால், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

"தப்பு செய்தவர் எனக்கு சீனியர். வயசிலும் பெரியவர். எப்படிச் சொல்வேன்?"

சந்தேகமாகக் கேளுங்கள். "அண்ணா, இந்த பில்லில எனக்கு ஒரு சந்தேகம். காப்பியில ஒரு தொகை, ரிட்டர்ன்ல ஒரு தொகை இருக்கு. கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்." இதில் பொய் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். தானே கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிடம் கிடைக்கட்டும்.

பெரியவர்கள் பலர் இதை நன்றாகவே எடுத்துக்கொள்வார்கள். சிலர் "அதெல்லாம் எனக்குத் தெரியும், உன் வேலையைப் பாரு" என்பார்கள். அப்போதும் வழி மாறுவதில்லை. "சரிங்கண்ணா. 3பி 20-ஆம் தேதி போகுது, அதுக்கு முன்னாடி சார்கிட்ட இதை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். மரியாதை குரலில் இருக்கட்டும், தேதியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"ஒரே ஆள் மாதாமாதம் இதே மாதிரி தப்பு செய்கிறார். ஒவ்வொரு தடவையும் நான்தான் திருத்துகிறேன். இப்போதாவது சொல்லலாமா?"

சொல்ல வேண்டும். நீங்கள் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டே இருப்பதால் மேனேஜருக்கு ஒரு விஷயம் தெரியாமலே போகிறது. அவர் அந்த வேலை சரியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஒரு வாரம் லீவு எடுத்தால் தெரியும்.

ஆனால் "செந்தில் கவனமே இல்லாம வேலை பார்க்கிறார்" என்று போய் நிற்காதீர்கள். அதைக் கேட்டு ஒரு மேனேஜர் என்ன செய்ய முடியும்? கூப்பிட்டுத் திட்டலாம், அவ்வளவுதான். அடுத்த மாதம் சைபர் மறுபடியும் போகும்.

போவதற்கு முன் மூன்று மாதத்துத் தப்புகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்தத் தேதி, எந்த பில், எங்கே தவறியது. எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும். எங்கள் பிரிவில் ஒரு முறை அப்படிப் பார்த்தபோது எல்லாத் தப்பும் 10, 11-ஆம் தேதிகளில் நடந்திருந்தன. ஏனென்றால் விற்பனைப் பிரிவிலிருந்து பில் கட்டு 9-ஆம் தேதி சாயங்காலம்தான் வருகிறது. இருநூறுக்கு மேல் பில், ஒரு ஆள், ஒன்றரை நாள், எல்லாம் கையால் தட்டுவது. யார் உட்கார்ந்தாலும் சைபர் போகும்.

அப்போது மேலே கொண்டுபோக வேண்டியது இது: "சார், ரிட்டர்ன் ஷீட்ல மூணு மாசத்துல ஐந்து பில் தவறியிருக்கு. எல்லாம் கடைசி ஒன்றரை நாள்ல தட்டினது. பில் கட்டு 5-ஆம் தேதிக்குள்ள வந்தா நல்லது. கையால தட்டாம டாலியிலிருந்து நேரா எடுத்துட்டா இன்னும் நல்லது. அதோட ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ஷீட் கூட்டுத்தொகையை விற்பனைப் பதிவேட்டோட மொத்தத்தோட ஒட்டிப் பார்க்கலாம்."

அந்தக் கடைசிச் சோதனை எவ்வளவு எளிது என்று பாருங்கள். நம் உதாரணத்தில் இரண்டு மொத்தமும் 4,14,000 ரூபாய் வித்தியாசம் காட்டியிருக்கும். 4,60,000-லிருந்து 46,000 போனால் அதுதான். இதில் கணக்குக்காரர்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு நுணுக்கமும் உண்டு. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், சைபர் விடுபட்டிருக்கிறதா, அல்லது பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் தேடு என்பார்கள். 4,14,000-ஐ ஒன்பதால் வகுத்தால் 46,000. தப்பாக ஏறிய தொகையே விடையாக வந்து நிற்கும். 11-ஆம் தேதி காலையில் யாராவது அந்த இரண்டு மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் செந்தில் பெயர் இந்தப் பக்கத்தில் வந்தே இருக்காது.

இந்தத் தாளையும் முதலில் செந்திலிடம் காட்டுங்கள். பில் கட்டு தாமதமாக வருகிறது என்று மேலே சொல்ல அவரும் ஆசைப்பட்டிருப்பார், தன் தப்பு தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து போனால் யாரும் யாரையும் போட்டுக்கொடுத்ததாக ஆகாது.

எல்லாம் மாற்றிய பிறகும் தப்பு தொடர்ந்தால், அது ஆளுக்கும் வேலைக்கும் பொருந்தாத விஷயம். அதைப் பார்க்க வேண்டியது மேனேஜர். நீங்கள் தாளோடு நின்றுகொள்ளுங்கள்.

"இது தப்பு மாதிரி தெரியவில்லை. வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது. அப்போதும் முதலில் அவரிடம்தான் சொல்லணுமா?"

இல்லை. இதுவரை சொன்னது எல்லாம் கைத்தவறுக்கு. சரக்கே போகாத பில், இல்லாத பார்ட்டிக்குப் போன பணம், மாற்றி எழுதிய வவுச்சர் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அவரிடம் போய்க் கேட்காதீர்கள். காகிதம் காணாமல் போகும், உங்களுக்கும் ஆபத்து. நேராக மேனேஜரிடம் போங்கள், தனியாக. மேனேஜர் மேலேயே சந்தேகம் என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம்.

அப்போதும் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "இந்த பில்லுக்கு இ-வே பில் இல்லை, டெலிவரி சலான் இல்லை, பணம் மட்டும் போயிருக்கு." அவ்வளவோடு நிறுத்துங்கள். "திருடிட்டார்" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். என் பச்சை ஃபைல் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவையும் நான் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"எல்லாம் முறைப்படி செய்தேன். இருந்தும் அவர் என்னோடு பேசுவதில்லை."

கொஞ்ச நாள் பேசாமல்தான் இருப்பார். மேனேஜர் எதிரில் நின்றது அவருக்குக் கூச்சமாக இருக்கும், உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். போய்ப் போய் விளக்கம் சொல்லாதீர்கள். இந்த விஷயத்தை வேறு யாரிடமும், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்கூட, பேசாதீர்கள். நீங்கள் பேசவில்லை என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

1ஏ போடும் அன்று அவரோடு உட்காருங்கள். அவர் தொகையைப் படிக்கட்டும், நீங்கள் காப்பியில் டிக் அடியுங்கள். "நாலு லட்சத்து அறுபதாயிரம்." "சரி." அடுத்த பில். அன்றைக்கு வேறு எதுவும் பேச வேண்டியதில்லை. அடுத்த மாதம் 9-ஆம் தேதி உங்கள் ஷீட்டை அவரிடம் கொடுத்து, "நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க செந்தில்" என்று சொல்லுங்கள். அதில் ஏதாவது ஒன்றை அவர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.